குளிரறையின் கழிவுக் கணக்கு

சிறிய குளிரறையில் வைத்த மீன் கெட்டுப்போகும்போது, அதற்கான பழி பெரும்பாலும் ரிஜிஸ்டர் எழுதும் தொழிலாளியின் மீதே விழுகிறது. தூத்துக்குடியில் பார்வையிடப்பட்ட ஓர் அறையில், கதவருகே உள்ள திரையில் தெரியும் எண்ணைக் காலையிலும் மாலையிலும் குறித்துவைப்பது மட்டுமே அத்தொழிலாளிக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது; இரண்டு வேளையும் மைனஸ் 18 டிகிரி என்று எழுதப்பட்டிருக்க, நள்ளிரவில் மின்சாரம் நின்ற மூன்று மணி நேரம் ஏட்டில் எங்கும் இல்லை.

அத்திரை காட்டுவது காற்றின் வெப்பநிலையே தவிர, சரக்கின் வெப்பநிலையன்று. குளிர்ச்சுருளில் படிந்த உறைபனியை உருக்குவதற்காகச் சூடேற்றி தானாக இயங்கும் வேளையை டிஃப்ராஸ்ட் என்பர். அப்போது காற்று சிறிது நேரம் வெப்பமடைந்தாலும் உறைந்த மீனின் நடுப்பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. ஆயினும் காற்றை மட்டும் அளக்கும் அலாரம் ஒவ்வொரு முறையும் ஒலிப்பதால், சலித்துப்போன பணியாளர்கள் அதை அணைத்துவிட, உண்மையான ஆபத்தின்போது எச்சரிக்க எதுவுமில்லாமல் போகிறது. இரண்டாவது சென்சார் ஒன்றைக் கிளைக்கால் கரைசல் நிறைந்த சிறு புட்டியில் அமிழ்த்திவைத்தால், அது சரக்கைப் போலவே மெதுவாகச் சூடேறும். கால்மணிக்கொருமுறை தானே பதிவுசெய்யும் கருவியோடு அதை இணைத்தால் இரவின் கதையும் ஏட்டில் வந்துவிடும்.

கருவி இல்லாத இடங்களில், கிண்ணத்தில் உறையவைத்த நீரின்மேல் நாணயம் ஒன்றை வைத்து, அது அமிழ்ந்ததா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. நாணயம் அமிழ்ந்திருந்தால் பனி உருகியது உறுதி. ஆனால் மீன்தசை பூச்சியத்துக்குக் கீழேயே இளகத் தொடங்கிவிடுவதால், நாணயம் மேலேயே இருப்பதைக் கொண்டு சரக்குக்குக் கேடில்லை என்று முடிவுசெய்ய இயலாது. பொட்டலத்தின் அடியில் கசிந்து மீண்டும் உறைந்த நீரும், உள்ளே திரண்ட பெரிய பனிப்படிகங்களும் கூடுதலான தடயங்கள்.

பூச்சியம் முதல் 4 டிகிரி வரை வைக்கப்படும் குளிர்ச்சரக்கில் சிக்கல் வேறு. கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் வெப்பம் ஏறினால் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள், நாற்றம் தெரியும் முன்பே சேர்ந்துவிடலாம் என்பதோடு, பின்னர் உறையவைத்தாலும் சமைத்தாலும் அழிவதில்லை. ஆகவே மூக்கை மட்டும் நம்பிக் கழிப்பது போதாது.

மேற்சொன்ன அறையில் 400 கிலோ கானாங்கெளுத்தியில் 12 கிலோ கழிக்கப்பட்டபோது, ஏட்டில் எடை மட்டுமே இருந்ததால் அது கவனக்குறைவு எனப்பட்டது. பின்னர், சரக்கு வந்த நாள், அது இருந்த அடுக்கு, கழித்த காரணம் ஆகிய பத்திகள் சேர்க்கப்பட்டதும், அடுத்தடுத்த கழிவுகளில் பெரும்பகுதி கதவையொட்டிய அடுக்கிலிருந்தே வந்தது புலப்பட்டது. கதவின் ரப்பர் ஓரம் கிழிந்து, வெளிக்காற்று ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

ரப்பரை மாற்றுவது உரிமையாளரின் செலவு; அதைத் தவிர்த்துக் கூலியில் பிடிப்பது அநீதி. இடமும் நேரமும் எழுதப்படாத கணக்கைக் காட்டித் தொழிலாளியிடம் இழப்பை வசூலிப்பதைக் குளிரறை உரிமையாளர்கள் உடனே நிறுத்த வேண்டும்.