கையைப் பார்த்துத்தான் புடவை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் தவறிவிட்டால், மாலை போட ஒரு நல்ல படம் தேடுவார்கள். பல நேரம் அகப்படுவது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நைட்டியில் நிற்கிற படம்தான். அதை என்னிடம் கொண்டுவந்து, "பட்டுப்புடவை கட்டிவிடுங்கண்ணே, புள்ள மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். கூலியைச் சொன்னால், "துணியை மாத்துறதுக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள்.

பக்கத்துக் கடைப் பையன்கள் ரெடிமேட் புடவை பிஎஸ்டி ஒன்றை எடுத்து உடம்பில் ஒட்டி, கையையும் பிள்ளையையும் Quick Selection-இல் இழுத்து மேலே வைத்துவிடுகிறார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் முக்கோண இடுக்கில் நைட்டிப் பூ அப்படியே நிற்கும்.

ஃபிலிம் காலத்தில் நெகடிவில் பென்சில் ஓட்டிய ஒருவரிடம்தான் நான் தொழில் படித்தேன். "முதல்ல கையைப் பாரு, அப்புறம் துணியைத் தேடு" என்பார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எனக்கு அதுதான் சட்டம். நைட்டிக் கை முழங்கைவரை வருகிறதா? ரவிக்கையும் முழங்கைவரை வந்தாக வேண்டும். குட்டைக் கை வைத்தால், படத்திலேயே இல்லாத தோலை நாம் வரைய வேண்டிவரும். ரோஸ் நைட்டியின் சாயை பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஓரத்தில் விழுந்திருக்கும். அந்த நைட்டிக்குப் பதில் பச்சைப் பட்டு கட்டினால், அந்த ரோஸ் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். சட்டையைத் தொடக்கூடாது என்பதால் அரக்குப் பட்டைத்தான் எடுப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பாடாய்ப் படுத்துவது பிள்ளையின் பிடி. குழந்தை சும்மா இருக்காது, நெஞ்சுத் துணியைக் கொத்தாகப் பிடித்திருக்கும். அந்தப் பிடியிலிருந்து மடிப்புகள் நாலாபக்கமும் விரியும். ரெடிமேட் புடவையில் அவை கிடையாது, விரல்கள் வெறுமனே துணிமேல் மிதக்கும். அதனால் வீட்டில் புடவை கட்டிய ஒருவரிடம் ஒரு துண்டைப் பிள்ளைபோலச் சுருட்டிக் கொடுத்து, அதே பக்கம் வெளிச்சம் விழ, அதே இடத்தில் முந்தானையைக் கிள்ளிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பேன். பிறகு 300 சதவீதம் பெரிதாக்கி, விரல் விரலாகப் பென் டூலில் பாதை போடுவேன். விரலிடுக்கில் பிதுங்கும் நைட்டியையும் புடவையாக்கியாக வேண்டும்.

கடைசியாக நிழல். பழைய நிழலை Multiply-இல் கொண்டுவந்தால் நைட்டிப் பூவும் கூடவே வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷை 10 சதவீதத்தில் வைத்து, கைக்கும் பிள்ளையின் காலுக்கும் அடியில் புதிதாகத்தான் தடவ வேண்டும். விரல் துணியைத் தொடும் கோட்டில் கறுப்பாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்க வேண்டும்.

பையன்களுக்குக் கை வராமல் இல்லை, பொறுமைதான் இல்லை. வாங்குகிறவர்களும் ஜரிகை மின்னுகிறதா என்று மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விரலை யாரும் பார்ப்பதில்லை என்றால், அவர்கள்தான் எதற்கு மெனக்கெடுவார்கள்?