ஏச்சுக்குள் ஒரு கேள்வி

என் அண்ணன் மகள் கௌசல்யா, சமையலறைச் சங்கதிகளைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவள். துருப்பிடித்த இரும்புத் தோசைக் கல்லைப் புளிக் கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவைத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒரு நாள் காட்டியிருந்தாள். அதன் கீழே ஒருவர், "புதுக் கல்லை மாற்றி வைத்து ஊரை ஏமாற்றுகிறாய். புளி இரும்பைத் தின்னும் என்று கூடத் தெரியாதா?" என்று எழுதிவிட்டார்.

அழாத குறையாக என்னிடம் வந்தாள். "நாலு வார்த்தை சூடாகக் கொடுக்கப் போகிறேன், சித்தப்பா!"

"கொடு, அம்மா. ஆனால் அவர் எழுதியதை முதலில் இரண்டாகப் பிரி. ஏமாற்றுகிறாய் என்பது உன்னைப் பற்றியது. புளி தின்னும் என்பது கல்லைப் பற்றியது. கல்லுக்கு மட்டும் பதில் சொல்" என்றேன்.

கல்லைப் பற்றி விசாரித்தால் அவர் சொன்னதே சரி! புளியின் அமிலம் துருவைக் கரைக்கும்; அதிக நேரம் விட்டால் இரும்பையும் அரிக்கும். ஈரத்தோடு விட்டாலோ கல் மறுபடியும் துருப்பிடிக்கும். சூடாக எழுதியிருந்தால் தவறான பக்கத்தில் நின்றல்லவா சண்டை போட்டிருப்பாள்?

"நீங்கள் சொன்னது சரி. அரை மணி நேரம் ஊறினால் போதும். கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் மெல்லத் தடவிப் புகையும் வரை சுட வேண்டும்" என்று எழுதினாள். அதையே வீடியோவின் கீழ் முதல் வரியாக நிற்கும்படி பின் செய்தும் வைத்தாள். அவர் மீண்டும் கேலி செய்தார். புதுக் கேள்வி எதுவும் அதில் இல்லை. ஆகவே இவளும் பதில் எழுதவில்லை.

கல்லை மாற்றிய சந்தேகமோ ஓயவில்லை. வேறு வேறு ஆட்கள் நாலு பேர் அதையே கேட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டால் ஒரு வரி போதும். பலர் கேட்டு, அதுவும் கண்ணால் பார்த்தாலன்றித் தீராது என்றால், அப்போதுதான் வீடியோவிலே பதில் சொல்ல வேண்டும். கல்லின் விளிம்பில் பழைய தழும்பு ஒன்று உண்டு. அதை முதலில் காட்டி, நடுவில் எங்கும் வெட்டாமல் எடுத்து, முடிவிலும் அதையே காட்டினாள்.

ஒருவருடைய கமெண்டை அவர் பெயரோடு ஒட்டியே பதில் வீடியோ போடும் வசதியும் அங்கே உண்டு. வேண்டாம் என்று தடுத்தேன். பெயரைக் கண்டால் இவளுடைய ரசிகர்கள் அந்த மனிதர் மேல் பாய்வார்கள். பிறகு சந்தேகம் மறைந்து சண்டைதான் மிஞ்சும். பக்கத்தின் உச்சியில் மூன்று வீடியோ வரை நிறுத்தி வைக்கலாம். புதிதாக வருகிறவர் முதலில் காண்பது அவைதான். அங்கே கேள்விக்கு இடம் தரலாம், பகைக்குத் தரலாமா?

தழும்பும் பொய் என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் இல்லை. அந்தக் கல்லில் ஒரு தோசை வார்த்துத் தரலாம். வீடுதான் எங்கே என்று தெரியவில்லை.