ராடு உடைந்த ரேடியோ

மேற்குத் தாம்பரத்தில் ரேடியோ கடை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக செல்போன் ரீசார்ஜுக்கு மாறிப்போனார்கள். கடைசியில் நானும் ஷட்டரை இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பையன் ஒருவன், “ரேடியோ ரிப்பேர்னா என்ன பெரியப்பா, ஒயர் விட்டிருந்தா ஒட்டறதுதானே?” என்று கேட்டான். அவன் பொறியியல் படித்தவன். பந்தியில் வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடையின் கடைசிக் காலத்தில் சேலையூரிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் வந்தாள். கையில் அவள் தாத்தாவின் நான்கு செல் டிரான்சிஸ்டர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அலமாரியிலிருந்து விழுந்த நாள் முதல் செட் கம்மலாகத்தான் பாடுகிறதாம். ஏற்கெனவே ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஏதோ செய்து பார்த்துவிட்டு, “பழைய போர்டைத் தூக்கிப் போட்டுட்டு புளூடூத் போர்டு வச்சுத் தரேன், இதே டப்பாவுல பென் டிரைவ் பாடும்” என்றிருக்கிறார். தாத்தா சம்மதிக்கவில்லை. பெண்ணுக்கோ பள்ளியில் இயற்பியல் புராஜெக்ட் பாக்கி.

செட்டைப் போட்டுப் பார்த்தேன். ஷார்ட் வேவ் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் ஐ.எஃப்., ஆடியோ, ஸ்பீக்கர் எதையும் தொட வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவன் அங்கேயே பாதி வேலையை முடித்துவிடுவான். மீடியம் வேவில்தான் கோளாறு. சென்னை ஏ நிலையம், 720 கிலோஹெர்ட்ஸ், டயலில் தன் இடத்தில் அச்சாக நின்றது. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தண்டவாளத்தில் மின்சார ரயில் போனால் கரகரப்பு மட்டும்தான் மிச்சம்.

“ஸ்டேஷன் அதே இடத்துலதானே வருது அங்கிள், அப்போ டியூனிங் சரியாத்தானே இருக்கு?” என்றாள்.

என்னிடம் வேலைக்கு வந்த பையன்களில் ஒருவன்கூட இதைக் கேட்டதில்லை. குமிழைத் திருகும்போது ஒரே அச்சில் இரண்டு கண்டன்சர்கள் சேர்ந்து சுழல்கின்றன. ஒன்று ஆசிலேட்டருக்கு, மற்றது ஏரியல் காயிலுக்கு. 720 வேண்டுமென்றால் ஆசிலேட்டர் 1175-ல் ஓட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 455, அதுதான் ஐ.எஃப். நிலையம் டயலில் எங்கே நிற்கும் என்பது ஆசிலேட்டரின் கையில். ஏரியல் காயில் வாசலில் நின்று 720-ஐ மட்டும் நன்றாக உள்ளே விடும் ஆள். அந்த ஆள் தடம் மாறினால் நிலையம் இடம் மாறாது, சத்தம்தான் சாகும்.

எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று பார்க்க என் குருநாதர் கொடுத்த குச்சி ஒன்று உண்டு. பேனாக் குழாயின் ஒரு முனையில் ஃபெரைட் துண்டு, மறு முனையில் பித்தளைத் திருகாணி. ஃபெரைட் முனையை ஏரியல் காயிலின் அருகே கொண்டுபோனால் அதன் இண்டக்டன்ஸ் ஏறும். பித்தளை முனையைக் கொண்டுபோனால், அதில் எழும் சுழல் மின்னோட்டத்தால் குறையும். எந்த முனைக்குச் சத்தம் கூடுகிறதோ, காயிலுக்கு அதுதான் தேவை. மருந்து கொடுக்காமலே நோய் தெரிந்துவிடும். “குச்சி சொல்லாம திருப்புளியைத் தொடாதே” என்பார் அவர். தொட்டால் கையில் அடி விழும். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல், காதை வைத்தே பேண்டு முழுவதையும் ஒத்துக் கொடுக்கிற மனிதர். கீழ்முனைக்கு ராடின் மேல் காயிலை நகர்த்துவார், மேல்முனைக்கு டிரிம்மரைத் திருப்புவார். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கெடும். திரும்பவும் கீழே வருவார், திரும்பவும் மேலே போவார். இரண்டும் அசையாமல் நிற்கிறவரை விடமாட்டார். அப்புறம்தான் மெழுகு. இன்றைக்கு ஐ.எஃப். கேன் எல்லாவற்றையும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிவிட்டு, ‘செட் போயிடுச்சு சார்’ என்கிறார்கள். அந்தக் கேன்களுக்குள் இருக்கும் கோர் ஒருமுறை விண்டுவிட்டால் வெளியே எடுப்பதே பெரும்பாடு.

இந்தச் செட்டின் பின்மூடியைக் கழற்றிக் குச்சியைக் காட்டியதும் ஃபெரைட் முனைக்குச் சத்தம் பொங்கி வந்தது. உற்றுப் பார்த்தால் ராடு இரண்டாக உடைந்திருக்கிறது. ஃபெரைட் பார்க்க இரும்பு மாதிரி கறுப்பாக இருந்தாலும் சூளையில் சுட்ட மண்சட்டி ஜாதி, விழுந்தால் உடையும். முன்னால் பார்த்தவர் உடைந்த வாய்களுக்கு நடுவே பசையைத் தாராளமாக அப்பி, மேலே தகரப் பட்டி சுற்றி, பட்டியின் இரு முனையையும் சேர்த்துச் சால்டர் வைத்திருந்தார்.

“இதைப் பாரும்மா, இது என்ன?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “டிரான்ஸ்ஃபார்மர்ல செகண்டரி ஷார்ட் ஆன மாதிரி இருக்கு அங்கிள்.”

அவ்வளவுதான் விஷயம். மூடிய உலோக வளையம் ஒரு சுற்றுக் காயில். அது ராடில் வருகிற காந்தப்புலத்தை எதிர்த்துச் சக்தியைத் தின்னும். பட்டியை வெட்டியதும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. மீதிக் குறைக்குக் காரணம் நடுவில் இருந்த பசை. காந்தப் பாதையில் தலைமுடி அகல இடைவெளி விழுந்தாலே இண்டக்டன்ஸ் இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதாக வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதிர்வெண் வர்க்கமூலத்தின் தலைகீழாக மாறுவதால் 720-ல் நிற்க வேண்டிய காயில் ஏறக்குறைய 805-ல் போய் நிற்கும். நல்ல ராடு காயில் ஒன்றின் அகலமே அந்த இடத்தில் பத்து கிலோஹெர்ட்ஸுக்குள்தான். 85 தள்ளி நின்றால் என்ன கேட்கும்?

பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு வாயும் பல்லுக்குப் பல் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரே சொட்டு குயிக்ஃபிக்ஸ் வைத்து இறுக்கிப் பிடித்தேன். முனையோரம் இருந்த காயிலை நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளியதும் குச்சியின் இரண்டு முனைக்கும் சத்தம் குறைந்தது. அதுதான் சரியான இடம். மெழுகு வைத்தேன்.

புராஜெக்டை அவளே கண்டுபிடித்தாள். “இடைவெளி எவ்வளவு இருந்தா எவ்வளவு குறையும்னு அளக்கலாமா அங்கிள்?” என்னிடம் கிடந்த ஓர் உடைந்த ராடை எடுத்துப் போனாள். உடைந்த இடத்தின் மேலேயே காயில் வருமாறு வைத்து, வாய்களுக்கு நடுவே நோட்டுத்தாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று செருகி எல்.சி.ஆர். மீட்டரில் அளந்திருக்கிறாள். முதல் தாளுக்குத்தான் பெரிய சரிவு. அடுத்தடுத்த தாள்களுக்குச் சரிவு சிறுத்துக்கொண்டே போகிறது. ராடு வளையமாக மூடாமல் இரு முனையும் திறந்தே இருப்பதால் காந்தக்கோடு எப்படியும் காற்று வழியாகத்தான் திரும்புகிறது. ஆகையால் தாள் கூடக் கூட அதன் பங்கு குறைந்துவிடுகிறது. அந்த வளைகோட்டை அவள் வரைந்து காட்டியபோது, இத்தனை வருஷம் என் விரலுக்கு மட்டும் தெரிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பள்ளியில் இது ‘ரொம்பச் சின்ன விஷயம்’ என்றார்களாம். ரிச்சி தெருவில் லேசர் அலாரம் கிட் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு மேஜையில் முன்வரிசை. அந்தக் கிட்டில் எந்த ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால் பிள்ளையும் சொல்லாது, கிட் வாங்கச் சொன்னவரும் சொல்லமாட்டார். 1924-லேயே ரேடியோ கிளப் வைத்து ஒலிபரப்பிய ஊர் இது. இன்றைக்கு இங்கே நல்ல ஃபெரைட் ராடு ஒன்று வாங்க நான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் விழுந்து உடைந்த டிரான்சிஸ்டர் இருந்தால் ராடின் இரண்டு துண்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள், சில்லு விழுந்திருந்தால் அதையும். அரால்டைட்டை அப்பாதீர்கள், உலோகப் பட்டி சுற்றாதீர்கள். புளூடூத் போர்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.