கொளுக்கி இல்லாத சங்கிலி

எமது அன்னையார் அணிந்திருந்த பதக்கச் சங்கிலி, எம்முடைய படிப்புச் செலவுக்காக விற்கப்பட்டது. அதனைப்போல் மற்றொன்று செய்வித்து அவர் கையிற் கொடுக்க வேண்டும் என்பது எமது நெடுநாளைய ஆசை. கையிற் பணம் சேர்ந்தபோது, மாதிரி காட்டுவதற்கு நகை இல்லை. பழைய புகைப்படம் ஒன்றே எஞ்சியிருந்தது. பள்ளியிலே சித்திரம் பயின்றவர் என்ற துணிவில், அதைப் பார்த்து நாமே சங்கிலியை வரைந்து எடுத்துக்கொண்டு பத்தரிடம் சென்றோம்.

முதியவரான பத்தர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு, “தம்பி, இந்தச் சங்கிலியைக் கழுத்திலே போடுவது எப்படி?” என்று கேட்டார். எமக்கு விளங்கவில்லை. “சுற்றிவர வளையமாகவே இருக்கிறது. கழற்றிப் பூட்ட இடமில்லையே!” என்று சிரித்தார்.

அத்துடன் விட்டாரில்லை. நாம் வரைந்த வளையங்கள் எல்லாம் முட்டை வடிவில், ஒன்றையொன்று தொட்டபடி ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. “இவை தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கோத்துக்கொண்டு நிற்கவில்லை” என்றார். கருநிற வெல்வெட் போர்த்த மார்பளவுப் பொம்மை ஒன்று அவர் மேசைமேல் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு சங்கிலியை மாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியை எம்மிடம் தந்தார்.

அப்பொழுதுதான் கண்டோம். ஒரு வளையம் முகங்காட்டி நின்றால், அடுத்தது அதனூடே புகுந்து குறுக்காகத் திரும்பி நிற்கிறது. ஆகவே ஒன்று முழு முட்டையாகவும், அடுத்தது மெல்லிய கோடாகவும் மாறி மாறித் தோன்றுகின்றன. கழுத்தின் பக்கத்தை நோக்கிச் செல்லச் செல்ல வளையங்கள் குறுகி நெருங்குகின்றன. தோளுங் கழுத்தும் கூடும் இடத்தில் சங்கிலி பின்னே சென்று மறைகிறது. எமது படத்திலோ அது கழுத்தின் ஓரத்தில் ஒட்டவைத்ததுபோல் நின்றுவிட்டது.

பத்தர் பொம்மைச் சங்கிலியில் ஒரு கனமான பதக்கத்தைக் கோத்தார். அதுவரை வட்டமாகத் தொங்கிய சங்கிலி உடனே இருபுறமும் நேராக நீண்டு, கீழே கூர்மையாயிற்று. எமது புகைப்படத்தை அதன் அருகே வைத்துப் பார்த்தார். அன்னையின் சங்கிலியும் அவ்வாறே நேராக இறங்கியிருந்தது. நாம் அதை வட்டமாக வரைந்திருந்தோம். “சங்கிலி மெல்லியது, பதக்கம் பாரமானது. உங்கள் படத்தை நம்பியிருந்தால், பாரமில்லாத பதக்கத்தையல்லவோ செய்திருப்பேன்!” என்றார்.

எஞ்சியது கொளுக்கி. அது பிடரியில் இருப்பதாற் புகைப்படத்தில் இல்லை. வீட்டுக்குத் திரும்பி, காரணத்தைச் சொல்லாமல் அன்னையிடம் பேச்சுக் கொடுத்தோம். பழைய சங்கிலியை எப்படிப் பூட்டுவீர்கள் என்று கேட்டதும், அவரது இரு கைகளும் தாமாகவே பிடரிக்குச் சென்றன. வலக்கை விரல்கள் எதையோ பிடித்து நெளித்து, இடக்கை விரல்களிடம் மாட்டின. “பாம்பு நெளிந்ததுபோல் ஒரு கொளுக்கி. ஒரு பக்கம் எப்போதும் பூட்டியே இருக்கும். மறுபக்கத்தை வளையத்துக்குள் விடவேண்டும்” என்றார்.

அதனைக் கேட்டதும் பத்தருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தகைய கொளுக்கியின் ஒரு வளைவு கடைசி வளையத்தோடு நிலையாக மூடப்பட்டிருக்கும். மறு வளைவில் ஒரு சிறு வாய் விடப்படும். மற்ற நுனியில் உள்ள வளையம் ஏனையவற்றிலும் பெரிதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கொளுக்கி அதனுள் நுழையாது. வாய் அகன்றால் சங்கிலி கழன்று விழும். மிகவும் ஒடுங்கினால், பூட்டுந்தோறும் நெரித்துத் தள்ள நேரும். 22 கரட் தங்கம் மெதுவானது. நாளடைவில் வாய் விரியும். விரிந்ததைக் கையால் அடிக்கடி வளைத்தால் அவ்விடம் இறுகி ஒடியும். “விரிந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்” என்று பத்தர் எச்சரித்தார்.

இரண்டாவது படத்தை அவர் மேசையிலிருந்தே வரைந்தோம். முன்பக்கம் ஒன்று; பிடரிப் பக்கம் தனியாக, பெரிதாக, மற்றொன்று.

சங்கிலியை அன்னையிடம் கொடுத்த அன்று அவர் பதக்கத்தைப் பார்க்கவில்லை. முதலிற் கொளுக்கியைத்தான் தடவிப் பார்த்தார். பின்பு கண்ணாடி முன்னே செல்லாமல், பிடரியில் விரல்களை வைத்து ஒரே முறையிற் பூட்டிக்கொண்டார்.