கல்கத்தாவுக்குள் நாக்பூரின் விசில்

1990களின் தொடக்கத்தில் போர்ட் பிளேயரின் ஹேடோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு தாதா இருட்டியதும் டிரான்சிஸ்டரில் கல்கத்தாவைப் பிடிப்பார், 657 கிலோஹெர்ட்ஸ். 1,300 கிலோமீட்டர் தாண்டி வரும் அந்தக் குரலோடு ஒரு விசிலும் சேர்ந்து வரத் தொடங்கியது. ரேடியோ வேலை கற்றுக்கொண்டிருந்த என்னிடம் பெட்டியைத் தந்தார். சூப்பர்ஹெட் ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு விளங்கியது அந்தப் பெட்டியால்தான்.

முதலில் போர்ட் பிளேயர் நிலையத்தைத்தான் சந்தேகித்தேன். அது 684இல், பக்கத்திலேயே பலமாக ஒலிப்பது. எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணன் மறுத்தார். "பக்கத்து ஸ்டேஷன் கசிஞ்சா உடைஞ்ச பேச்சுதான் கேக்கும். நீ டயலை மெதுவாத் திருப்பி விசிலோட சுருதியைக் கேளு." திருப்பினேன். முள் மயிரிழை நகர்ந்தாலும் சுருதி ஏறி இறங்கியது. "அப்போ இது இமேஜ்" என்றார்.

அதை இப்படி விளக்கினார். வரும் அலைவரிசை எதுவானாலும் அதை ஒரே அலைவரிசைக்கு மாற்றிவிட்டுப் பெருக்குவதுதான் சூப்பர்ஹெட். பெட்டிக்குள்ளேயே ஆசிலேட்டர் என்ற சிறு அலை உற்பத்திச் சுற்று இருக்கிறது. கல்கத்தாவைப் பிடிக்கும்போது அது 1112 கிலோஹெர்ட்ஸில் ஓடும். வந்த 657ஐயும் இந்த 1112ஐயும் கலந்தால் வித்தியாசமாக 455 கிடைக்கும். இதுதான் இடைநிலை அலைவரிசை, கடைப் பேச்சில் ஐ.எஃப். டயலைத் திருப்பினால் கேங் கண்டன்சர் ஆசிலேட்டரையும் சேர்த்து நகர்த்துவதால் வித்தியாசம் எப்போதும் 455ஆகவே இருக்கும். ஆகவே மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலையுள்ள ஐ.எஃப். காயில்களை 455க்கு ஒருமுறை சரிசெய்தால் போதும். பக்கத்து நிலையங்களை விலக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வித்தியாசத்துக்கு மேல், கீழ் என்ற பேதம் கிடையாது. 1112க்குக் கீழே 455இல் 657 இருப்பதுபோல், மேலே 455இல் 1567 இருக்கிறது. அங்கே வரும் அலையும் கலந்தபின் 455 ஆகிவிடும். இதுதான் இமேஜ், பிடிக்கும் அலைவரிசையோடு ஐ.எஃப்.பின் இரு மடங்கை, அதாவது 910ஐக் கூட்டினால் வருவது. நாக்பூரின் தேசிய அலைவரிசை அப்போது இரவெல்லாம் 1566இல், 1,000 கிலோவாட்டில் ஒலித்தது. 1566இலிருந்து 1112ஐக் கழித்தால் 454. கல்கத்தா 455ஆகவும் நாக்பூர் 454ஆகவும் ஒரே காயில்களுக்குள் நுழைந்தன. இரண்டுக்கும் இடையிலிருந்த 1 கிலோஹெர்ட்ஸ்தான் எங்கள் காதில் விழுந்த விசில்.

சுருதி மாறுவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஆசிலேட்டர் 1113க்கு ஏறினால் கல்கத்தா 456 ஆகும், நாக்பூர் 453 ஆகும். விசில் 3 கிலோஹெர்ட்ஸ். ஒன்று ஏற, மற்றது இறங்குகிறது. ஆசிலேட்டருக்கு ஒரே பக்கத்திலுள்ள இரு நிலையங்கள் மோதி எழும் விசில், டயலைத் திருப்பினாலும் சுருதி மாறாது.

455 ஆனபின் இரண்டையும் பிரிக்க ஐ.எஃப். காயிலால் முடியாது. கலப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஃபெரைட் ராடில் சுற்றிய ஆன்டெனா காயிலும் கேங்கின் இன்னொரு பாதியும். இவை 657க்குச் சரியாக ஒத்திசைந்தால் 1566 சுமார் இருநூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தாதாவின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, காயிலைப் பிடித்திருந்த மெழுகு விட்டு, காயில் ராடின் நுனிக்கு நழுவியிருந்தது. ஒத்திசைவு விலகியதால் கல்கத்தா பலவீனமானது; அலைவரிசையில் தொலைவிலிருந்த நாக்பூருக்கோ பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

இரவில் 657ஐ வைத்துக்கொண்டு, கல்கத்தா மிக உரத்துக் கேட்கும் இடம்வரை காயிலை ராடில் மெல்லத் தள்ளி, மெழுகிட்டேன். டயலின் மேல்முனையில் ட்ரிம்மரையும் சரிசெய்தேன். விசில் மிக மெலிந்தது. மிச்சத்துக்குப் பெட்டியையே திருப்பச் சொன்னார் அண்ணன். ராடின் நுனி நாக்பூர்த் திசையை நோக்கினால் அந்த நிலையம் குறையும். ஹேடோவிலிருந்து பார்த்தால் இரு ஊர்களின் திசைகளுக்கும் முப்பது பாகைக்குச் சற்று மேல்தான் இடைவெளி. எனவே கல்கத்தாவும் ஏறக்குறையப் பாதியாகும். இரவு அலை வானிலிருந்து இறங்குவதால் நாக்பூர் முழுதாக மறையவும் செய்யாது.

மத்திய அலையில் இந்தத் தொல்லை டயலின் கீழ்ப்பகுதியில் மட்டும்தான். சென்னையின் 720க்கு இமேஜ் 1630. அது ஒலிபரப்புப் பட்டைக்கு வெளியே போய்விடுகிறது. சிற்றலையில் நிலைமை வேறு. 15 மெகாஹெர்ட்ஸில் அதே 910 கிலோஹெர்ட்ஸ் மிகச் சிறிய தூரம். ஒற்றை முன்காயிலால் அங்கே இமேஜைச் சில மடங்குதான் குறைக்க முடியும். அதனால்தான் நல்ல சிற்றலைப் பெட்டிகளில் கலப்பதற்கு முன் இன்னொரு ஒத்திசைவுச் சுற்றைச் சேர்க்கிறார்கள், அல்லது முதல் ஐ.எஃப்.பை மிக உயரத்தில் வைத்து இமேஜை எட்டத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.