ராத்திரி பாத்தவரு, காலையில கூப்பிட்டாரு

எம். புதுப்பட்டின்னு சொன்னா "பட்டாசா?"ன்னுதான் கேப்பாங்க. சுத்தி ஆலைங்கதானே, தப்பில்ல. ஆனா பட்டாசுக்கு கூகுள்ல விளம்பரம் கொடுக்க முடியாது, அவங்க விதியே அனுமதிக்காது. இணையத்துல பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. நம்ம சித்தப்பா தொழில் காலண்டர். சிவகாசியில அச்சடிச்சு வாங்கி, கடைக்காரங்க பேரு போட்டுக் கொடுப்பாரு. ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வரும், டிசம்பரோட சீசன் முடிஞ்சிரும். வருசத்துல அஞ்சு மாசம் ஓடினாத்தான் மிச்ச ஏழு மாசம் அடுப்பெரியும்.

போன வருசம் அவருக்கு விளம்பரம் பாத்துக்கொடுத்தது அடியேன். நான் அடிச்ச கூத்தைத்தான் இங்க எழுதுறேன் :-)

ஒருநாள் காலங்காத்தால ஆறு மணிக்கு போன். "தம்பி, ராத்திரி பூரா காசு போகுதுப்பா. எவனாவது நடுராத்திரியில காலண்டர் வாங்குவானா? ஒம்பது மணிக்கு மேல நிப்பாட்டிரு."

அவரு சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அவரு நோட்டுல ஆர்டர் எல்லாம் காலை பத்துல இருந்து மதியம் ஒண்ணுக்குள்ள. கிளிக் எல்லாம் ராத்திரி ஒம்பதுல இருந்து பன்னெண்டு, அதுவும் மொபைல்ல. அறிக்கையைப் பாத்தா மொபைல்ல ஆர்டரே கிட்டத்தட்ட இல்ல, வந்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல. சரின்னு ராத்திரியை நிப்பாட்டினேன், மொபைல் ஏலத்தொகையை 60% குறைச்சேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு.

ரெண்டு வாரத்துல பகல் போனும் நின்னுபோச்சு. சித்தப்பா ஒண்ணும் சொல்லல. "இந்த வருசம் ஆர்டர் மந்தம்தான் போல"ன்னு மட்டும் சொன்னாரு. பிரஸ்ஸுக்கு முன்பணம் கட்டிட்டு உக்காந்திருந்தவரு. எனக்குத்தான் வயித்தக் கலக்கிருச்சு.

தப்பு எங்கன்னு தேடினப்ப ரெண்டு கிடைச்சுது.

முதல் தப்பு, ரெண்டு கடிகாரத்தைக் குழப்பிக்கிட்டது. சித்தப்பா நோட்டு ஆர்டர் வந்த நேரத்தைச் சொல்லுது. ஆனா நாம காசு கொடுக்கிறது கிளிக்குக்கு. ஜவுளிக்கடைக்காரரு கடையைச் சாத்திட்டு, சாப்பிட்டு, கட்டில்ல படுத்துக்கிட்டு மொபைல்ல காலண்டர் படம் பாக்குறாரு. மறுநாள் கடையைத் திறந்து, பங்காளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பதினோரு மணிக்கு போன் போடுறாரு. ராத்திரி விளம்பரத்தை நிறுத்தினா அந்த பதினோரு மணி போன் வராது. கூகுள் அறிக்கையில `Conversions` பத்தி ஆர்டரை கிளிக் நடந்த நேரத்துல வெக்கும். `Conversions (by conv. time)` பத்தி ஆர்டர் நடந்த நேரத்துல வெக்கும். எந்த நேரத்துல விளம்பரம் ஓடணும்னு முடிவு பண்ண முதல் பத்திதான் வேணும். போன்ல எத்தனை மணிக்கு ஆள் உக்காந்திருக்கணும்னு முடிவு பண்ணத்தான் சித்தப்பா நோட்டு.

ரெண்டாவது தப்பு, போன் ஆர்டர் எதுவுமே கணக்குல இல்ல. தளத்துல இருக்குற படிவத்தை நிரப்பினா மட்டும்தான் ஆர்டர்னு பதிவாச்சு. படிவத்தை நிரப்புறவன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிறவன். மொபைல்ல பாக்குறவன் நம்பரைத் தொட்டுக் கூப்பிடுவான். மொபைல் விக்கலன்னு நான் நெனச்சதுக்குக் காரணம், மொபைல் வித்ததை நான் எண்ணவே இல்ல.

எல்லா மாத்தத்தையும் எடுத்துட்டு, ஒரு மாசம் அப்படியே ஓட விட்டேன். தளத்துல நம்பரைத் தொட்டா பதிவாகுற மாதிரி செஞ்சேன். ஆனா தொட்டவன் எல்லாம் வாங்கிறதில்ல, நம்பரைக் குறிச்சு வெச்சு நாளைக்குக் கூப்பிடுறவன் அதுல சிக்கவும் மாட்டான். அதனால சித்தப்பா நோட்டுல ரெண்டு கட்டம் கூடப் போட்டுக் கொடுத்தேன். ஆர்டர் கொடுக்கிற எல்லார்கிட்டயும், "எதுல பாத்தீக, எப்பப் பாத்தீக?" அவ்வளவுதான். நம்ம ஊரு ஆளுங்க கேட்டா சொல்லிருவாங்க :-)

மாசக் கடைசியில வந்த கணக்கை வட்டமாக்கிச் சொல்றேன். கிளிக் ஒண்ணு 6 ரூபா. மொபைல்ல 800 கிளிக், 4800 ரூபா. கம்ப்யூட்டர்ல 200 கிளிக், 1200 ரூபா. படிவத்தை மட்டும் பாத்தா மொபைல்ல 2 ஆர்டர், கம்ப்யூட்டர்ல 6. அதாவது ஒரு ஆர்டருக்கு மொபைல்ல 2400 ரூபா, கம்ப்யூட்டர்ல 200. பன்னெண்டு மடங்கு வித்தியாசம், யாரா இருந்தாலும் மொபைலை வெட்டத்தான் தோணும். நோட்டையும் சேத்தா மொபைல் 12, கம்ப்யூட்டர் 8. இப்ப 400-ம் 150-ம். கம்ப்யூட்டர் இன்னும் மலிவுதான், ஆனா மொபைல் நான் நெனச்ச தண்டச்செலவு இல்ல.

எவ்வளவு மாத்துறதுங்கிறதுக்குக் கணக்கு எளிசு. மொத்தம் 6000 ரூபாய்க்கு 20 ஆர்டர், சராசரி 300. சராசரியை அந்தந்தக் கருவியோட செலவால வகுக்கணும். மொபைல் 300/400, அதாவது 25% குறைக்கலாம். கம்ப்யூட்டர் 300/150, அதாவது இருமடங்கு. ஆனா இருக்கிறதே 20 ஆர்டர். ரெண்டு ஆர்டர் இடம் மாறினா கணக்கே கவுந்திரும். அதனால கிட்டத்தட்ட பாதி தூரம்தான் போனேன்: மொபைல் −10%, கம்ப்யூட்டர் +50%.

நேரத்தையும் 24 துண்டா நறுக்கல. ஒரு நாளுக்கு ஆறு துண்டுக்கு மேல விடவும் மாட்டாங்க. 20 ஆர்டரை அத்தனைல பிரிச்சா எதுவும் தெரியாது. நள்ளிரவு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நடந்த கிளிக்ல ஒரு ஆர்டர் கூட நோட்டுலயும் இல்ல, அறிக்கையிலயும் இல்ல. அதை மட்டும் நிறுத்தினேன். காலை பத்து–ஒண்ணு, ராத்திரி ஒம்பது–பன்னெண்டு ரெண்டுக்கும் +20%. மத்த நேரம் அப்படியே.

ஒரு விசயம் கவனிக்கணும்: இந்த சதவீதங்கள் கூடாது, பெருகும். காலையில கம்ப்யூட்டர்னா 6 × 1.5 × 1.2 = 10.80 ரூபா. ராத்திரி மொபைல்னா 6 × 0.9 × 1.2 = 6.48. அங்கங்க கொஞ்சம் ஏத்தினோம்னு நெனச்சா மொத்தத்துல எகிறிரும்.

இன்னொண்ணு, இதெல்லாம் `Manual CPC`-ல வெச்சிருந்ததால வேலை செஞ்சுது. ஆர்டர் கணக்கை வெச்சு ஏலத்தை கூகுளே பாத்துக்கிற தானியங்கி முறைக்கு மாத்திட்டா நேரத்துக்குப் போட்ட சதவீதத்தை அது கண்டுக்காது. ஓடவே வேண்டாம்னு அடைச்ச நேரத்தை மட்டும் மதிக்கும். அப்பவும் போன் ஆர்டரை அதுக்குச் சொல்லலேன்னா நான் பண்ணின அதே தப்பை அதுவும் பண்ணும், என்னை விட வேகமா.

போன் மறுபடி அடிக்க ஆரம்பிச்சுது. போன அந்த ரெண்டு வாரம் போனதுதான், திரும்ப வரல. டிசம்பர் முடிவுல மீந்த அட்டைக் கட்டு ரெண்டு இன்னும் சித்தப்பா வீட்டுத் திண்ணையில கிடக்கு. ஊருக்குப் போறப்பல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும்.

இந்த வருசமும் கேக்குறாரு, "எதுல பாத்தீக, எப்பப் பாத்தீக?" நோட்டு ரெண்டாவது வாங்கியாச்சு.

டிஸ்கி: உங்க கடை கணக்கு எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. போன் ஆர்டரை எண்ணுறீங்களான்னு முதல்ல பாத்துட்டுச் சொல்லுங்க :-)