போத்தலுக்குள் காணாமற்போன 37 மில்லிகிராம்

ஒரு பிள்ளையின் கொப்பியில் நாங்கள் போட்ட சிவப்புக் கோட்டைப் பற்றிய பதிவு இது. கொஞ்சம் நீளம். தேநீரை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பாமன்கடையில் ஒரே ஆய்வுகூடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரசாயன ஆசிரியைகள் இருவர் நாங்கள். உயர்தர வகுப்புக்கு நீரின் காரத்தன்மை பற்றிய நியமிப்பு வந்தது. குழாய் நீரை மட்டும் வைத்துச் செய்தால் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். வெள்ளவத்தையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, "டீச்சர், அம்மம்மாவின்ட கிணத்துத் தண்ணி கொண்டு வரட்டா? அங்க கேத்தலுக்குள்ள சுண்ணாம்பு மாதிரி படியும், இங்க ஒண்டும் படியாது" என்று கேட்டாள். அம்மம்மா வீடு கோண்டாவில். ஞாயிறு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஒன்றரை லீற்றர் போத்தல், திங்கட்கிழமை காலை காலி வீதியில் இறங்கி, எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது.

செய்முறை தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். காரத்தன்மை என்பது நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதன் அளவு. நீர் காரச் சுவையாக இருக்கிறது என்றோ pH கூடியது என்றோ அதற்கு அர்த்தமில்லை. 100 மில்லிலீற்றர் நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அளவியிலிருந்து 0.02 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முடிவுப்புள்ளிகள் இரண்டு. முதலில் பினோப்தலீன் இடுவோம். இளஞ்சிவப்பு வந்தால் அது மறையும்வரை அமிலம் விட வேண்டும். அந்த இடம் ஏறக்குறைய pH 8.3. அதற்குள் நீரிலுள்ள காபனேற்று எல்லாம் இருகாபனேற்றாக மாறிவிடும். அதாவது காபனேற்றின் பாதி வேலை முடிகிறது. பிறகு இரண்டாவது காட்டியை இட்டுத் தொடர்ந்து அமிலம் விட்டால், pH நாலரை அளவில் இருகாபனேற்று முழுவதும் காபனீரொட்சைட்டாகிவிடும். தொடக்கத்திலிருந்து அதுவரை சென்ற அமிலம் முழுவதும் மொத்தக் காரத்தன்மைக்கு உரியது.

விடையை ஏன் "கல்சியம் காபனேற்றாக" எழுதுகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். நீருக்குள் அது அப்படியே மிதக்கிறது என்று அர்த்தமில்லை. இருகாபனேற்று, காபனேற்று, ஐதரொட்சைட்டு எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் எண்ணுவதற்கான ஏற்பாடு அது. எங்கள் அமிலத்தின் ஒரு மில்லிலீற்றர் சரியாக ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். 100 மில்லிலீற்றர் நீர் எடுத்தால், அளவி வாசிப்பைப் பத்தால் பெருக்கியதும் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று விடை வந்துவிடும். இந்த "ஒன்றுக்கு ஒன்று" கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை கிணற்று நீரைச் செய்தாள். பினோப்தலீனுக்கு நிறமே வரவில்லை. முதலாவது வாசிப்பு பூச்சியம். இது பிழையல்ல. நிலத்தடி நீரில் கரைந்த காபனீரொட்சைட்டு நிறைய இருக்கும், pH ஏழு சொச்சத்தில் நிற்கும், காரத்தன்மை முழுவதும் இருகாபனேற்றுதான். மொத்த வாசிப்பு 31.6. ஆகவே லீற்றருக்கு 316 மில்லிகிராம். சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கு இது ஆச்சரியமில்லை.

அதே நாளில் எங்கள் குழாய் நீருக்கு வந்தது 2.5 மில்லிலீற்றர், அதாவது 25 மில்லிகிராம். கொழும்பின் பெரும்பகுதி குடிப்பது அம்பத்தளையில் சுத்திகரித்த களனி கங்கை நீர். மழையும் மலைப்பாறையும் தரும் மென்மையான நீர் அது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மெதயில் செம்மஞ்சள் முழுதாகச் சிவக்கும்வரை காத்திருந்து pH 4.0 வரை போய்விட்டால், நீரைத் தாண்டி வெறுமனே pH ஐ இறக்கவே லீற்றருக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு அமிலம் செலவாகிவிடும். 316 இல் அது தெரியாது. 25 இல் ஐந்தில் ஒரு பங்கு பிழை. அதனால்தான் காரத்தன்மை குறைந்த நீருக்கு pH 4.9 இலேயே நிறுத்தச் சொல்வார்கள். புரோமோகிரீசோல் பச்சை, அல்லது pH மானி இருந்தால் இன்னும் நல்லது. குழாய் நீரிலுள்ள குளோரீன் காட்டியின் நிறத்தை வெளிற வைக்கும் என்பதால் ஒரு சொட்டு சோடியம் தயோசல்பேற்றும் விட்டோம்.

சரி, கதைக்கு வருவோம். திங்கள் வேலை முடிந்தபோது கிணற்றுப் போத்தலில் ஏறக்குறைய ஒரு லீற்றர் மிச்சம். யாரோ மூடியை அரைகுறையாகத் திருகி யன்னலோரம் வைத்துவிட்டார்கள். (யாரோ என்ன, நாங்கள்தான்.) வியாழக்கிழமை, திங்களன்று வராத இன்னொரு பிள்ளை அதே போத்தலை எடுத்துச் செய்தாள். பினோப்தலீனுக்கு மெல்லிய இளஞ்சிவப்பு. 0.3 மில்லிலீற்றரில் மறைந்தது. மொத்தம் 27.9.

நாங்கள் கொப்பியைப் பார்த்தோம். முதல் வாசிப்பில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. திறந்த போத்தலிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறியிருக்கும், pH ஏறியிருக்கும், கொஞ்சம் இருகாபனேற்று காபனேற்றாக மாறியிருக்கும். ஆனால் மொத்தம் குறையக் கூடாதே! காபனீரொட்சைட்டு வாயு போவதால் மொத்தக் காரத்தன்மை மாறாது என்பது நாங்களே கரும்பலகையில் எழுதிக் கொடுத்த வசனம். ஆகவே 279 என்ற விடையின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "அளவியைச் சரியாக வாசிக்கவும்" என்று எழுதினோம்.

"மூணு தரம் செஞ்சேன் டீச்சர். மூணு தரமும் இதுதான் வந்திச்சி" என்றாள். குரல் உயரவில்லை. கொப்பியில் மூன்று வாசிப்புகளும் இருந்தன: 27.9, 27.9, 28.0. பத்து வருடமாகக் கொப்பி திருத்தும் எங்களுக்குத் தெரியும், கவனயீனமாகச் செய்யும் பிள்ளையின் வாசிப்புகள் இப்படி ஒன்றோடொன்று ஒத்து வராது. அமிலத்தைச் சோடியம் காபனேற்றுக்கு எதிராக மறுபடி சரிபார்த்தோம். செறிவு மாறவில்லை.

பிறகுதான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்சுவரில், விரலால் தடவினால் சொரசொரக்கும் மெல்லிய வெண்படலம். அடியில் மாவு தூவினாற்போல் தூள். அம்மம்மாவின் கேத்தலில் அடுப்புச் சூட்டில் நடப்பது, எங்கள் யன்னலோரத்தில் மூன்று நாளில் மெதுவாக நடந்திருக்கிறது. காபனீரொட்சைட்டு போகப் போக, கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகப் படிந்துவிட்டன. வாயு மட்டும் போனால் மொத்தம் மாறாது என்ற எங்கள் வசனம் சரி. ஆனால் படிவு விழுந்தால் அதோடு காரத்தன்மையும் நீரை விட்டுப் போய்விடும். அந்த இரண்டாம் பாதியை நாங்கள் கரும்பலகையில் எழுதவேயில்லை.

சந்தேகத்தை அப்படியே விட மனம் வரவில்லை. குறைந்தது லீற்றருக்கு 316 கழித்தல் 279, அதாவது 37 மில்லிகிராம். போத்தலில் இருந்தது ஏறக்குறைய ஒரு லீற்றர். எங்கள் ஊகம் சரியென்றால் அந்தப் படலத்தில் ஏறக்குறைய 37 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று இருக்க வேண்டும். மிச்ச நீரை மெதுவாக ஊற்றிவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் ஒரு தரம் அலசி, அதே 0.02 மூல் அமிலம் 50 மில்லிலீற்றரை உள்ளே விட்டுக் குலுக்கினோம். சுவர் தெளிந்தது. அதைக் கூம்புக் குடுவைக்கு மாற்றி, கொதிக்க வைத்துக் காபனீரொட்சைட்டை வெளியேற்றி, ஆறவிட்டு, எஞ்சிய அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டால் அந்தப் பிள்ளையின் கையாலேயே நியமித்தோம். 15.0 மில்லிலீற்றர். அப்படியானால் 35 மில்லிலீற்றர் அமிலத்தைப் படலம் தின்றிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று, 35 மில்லிகிராம். படிவு ஒட்டாத வெறும் போத்தல் ஒன்றிலும் இதையே செய்து பார்த்தோம், அது அமிலத்தைத் தொடவில்லை.

குறைந்த இரண்டு மில்லிகிராமுக்கும் காரணம் இருக்கிறது. நீரை ஊற்றும்போது தூளில் கொஞ்சம் போயிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை போத்தலைக் குலுக்காமல் மேலிருந்த தெளிந்த நீரை எடுத்திருந்தாள். குலுக்கியிருந்தால் மிதக்கும் தூளையும் அமிலம் கரைத்திருக்கும், வாசிப்பு 31.6 ஐ நோக்கி ஏறியிருக்கும், எங்களுக்கு எதுவும் தெரியவந்திராது. காரத்தன்மை மாதிரியை வடிகட்டவோ ஐதாக்கவோ கூடாது என்று சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்களுக்கே உறைத்தது.

வியாழக்கிழமை நீரின் கணக்கையும் முடித்துவிடுவோம். முதல் வாசிப்பு லீற்றருக்கு 3 மில்லிகிராம். அது காபனேற்றின் பாதி. ஆகவே காபனேற்று 6. மிச்சம் 273 இருகாபனேற்று. ஐதரொட்சைட்டு இல்லை. இதில் எதையும் அவள் பிழையாக எழுதியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை 316 கூட கிணற்றின் முழு உண்மை என்று சத்தியம் செய்ய முடியாது. அந்த நீரும் ஓர் இரவு பஸ்ஸில் குலுங்கி வந்ததுதானே. காற்றிடம் இல்லாமல் நிரப்பி, குளிரில் வைத்து, அதே நாளில் அளக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் பாமன்கடைக்கும் இடையில் அது நடக்கிற காரியமில்லை. முடிந்தவரை கிட்டப் போகலாம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அந்தக் கொப்பியை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் "இந்தக் கோடு ஆசிரியர்களின் பிழை. 279 சரி" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். கோட்டை அழித்துவிடட்டுமா என்று கேட்டோம். "வேணாம் டீச்சர், இருக்கட்டும்" என்று சிரித்தாள்.

அடுத்த போத்தலுக்கு அம்மம்மாவிடம் சொல்லியாயிற்று. வாளித் தண்ணீருக்குள் போத்தலை முழுதாக அமிழ்த்தி, குமிழி எல்லாம் போன பிறகு, தண்ணீருக்குள்ளேயே மூடியை இறுக்க வேண்டும். "இந்தத் தண்ணிக்கு இவ்வளவு மரியாதையா?" என்று தொலைபேசியில் கேட்டாராம். ஞாயிறு இரவு பஸ்ஸில் ஏறும்.